புதுப்பிப்பு: அட்டைப்பெட்டிக்குத் திருத்திய விலைப்புள்ளி வந்தது

நான் கேட்டிருந்தது: "கோத்தகிரியில் தேயிலைத் தூள் பொட்டலமிடுகிறோம். 2,000 அட்டைப்பெட்டிக்கு வந்த விலைப்புள்ளியில் '5 அடுக்கு' என்று மட்டுமே உள்ளது. திருத்தித் தரும்படி எப்படி எழுதுவது?"

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது, பெட்டித் தொழிலில் இருந்தவரின் யோசனை: அடுக்குகளின் எண்ணிக்கையோடு நிற்காமல், தாள்களின் கனத்தைக் காட்டும் ஜி.எஸ்.எம்., அழுத்தத்தில் கிழியாமல் தாங்கும் வலிமையைக் காட்டும் பி.எஃப்., பெட்டியின் உள்ளளவு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். அதன்படி, "கால் கிலோ பொட்டலங்கள் 40 கொள்ளும் பெட்டி, வெளித்தாள் 150 ஜி.எஸ்.எம்., 20 பி.எஃப்.; மற்ற தாள்களின் விவரம் தனித்தனியே; 1,000 பெட்டி மே இறுதிக்குள், மீதி ஜூலையில்; கோத்தகிரிக் கிடங்கில் இறக்கிய விலை, வரி தனியாக" என்று எழுதினேன்.

எதிர்பாராதது, முதல் விலை கோவை ஆலை வாசல் விலை என்பதும், மலையேறும் லாரி வாடகை அதில் சேரவில்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கிடங்கில் இறக்கித் தரும் விலையாகக் கேட்ட பிறகே மற்றொரு விற்பனையாளரின் விலையோடு நேராக ஒப்பிட முடிந்தது.

7 அடுக்கு கேட்கச் சொன்னவர் கூறியபடி அது உறுதியானதுதான். ஆனால் 10 கிலோ தூளுக்கு அந்தச் செலவு வேண்டாம், தாள் மட்டமாக இருந்தால் அடுக்கு கூடியும் பயனில்லை. கேரட் பெட்டிக்குக் காற்றுத் துளை கேட்டவரின் தேவை வேறு. தேயிலைக்குள் ஈரக்காற்று புகவே கூடாது.

ஜூலை மழை ஈரத்தில் அடுக்கி வைத்தால் அடிப்பெட்டி நசுங்காதா என்பதற்கு விற்பனையாளர் உறுதி தரவில்லை; மாதிரிப் பெட்டிகள் கேட்டிருக்கிறேன்.