மெய்ப்புப் பார்ப்பதை எங்கே நிறுத்துவது?

மதுரையில் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கையில் இருப்பது 224 பக்கக் கட்டுரைத் தொகுப்பு. அச்சுக்குப் போக வேண்டிய தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகிவிட்டது. "முடிந்தது" என்று அனுப்பக் கை வரவில்லை.

முதல் வாசிப்பில் 190 பிழைகள், இரண்டாவதில் 34, மூன்றாவதில் 7. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான்காவதில் 11 திருத்தம் போட்டேன். எண்ணிப் பார்த்தால் உண்மையான பிழை இரண்டுதான், மீதி என் ருசி. 87ஆம் பக்கத்தில் 'ஆனால்' என்பதை 'ஆயினும்' ஆக்கி, மறுநாள் பழையபடி 'ஆனால்' ஆக்கியிருக்கிறேன். அதைவிட மோசம், ஒரு சொல்லைச் சேர்த்ததில் பத்தி ஒரு வரி நீண்டு, அடிக்குறிப்பு ஒன்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது.

அலாரம் வைத்தேன், அடித்ததும் அணைத்துவிட்டுத் தொடர்ந்தேன். ஒற்று, ஆட்பெயர், பக்க எண், அடிக்குறிப்பு என்று பட்டியல் போட்டேன். அதுவும் நீண்டுகொண்டே போகிறது. தோழியிடம் பத்துப் பக்கம் கொடுத்தேன். ஒரே ஒரு பிழை கண்டாள். போதாதா, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

இதே வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: எத்தனையாவது வாசிப்பில், எந்தக் கணக்கை வைத்துக் கோப்பை மூடுகிறீர்கள்?