பார்ட்னருக்கு வெஸ்டிங் பத்தி எழுதப்போறேன், பார்த்துச் சொல்லுங்க

மன்னார்குடியில நெல் அறுப்பு மெஷின் புக்கிங் ஆப் நடத்துறோம். நானும் காலேஜ் நண்பனும். பிரைவேட் லிமிடெட், 10,000 ஷேர், ஆளுக்குப் பாதி. நான் முழு நேரம். அவன் சென்னையில வேலையை விடாம, குறுவை, சம்பா அறுவடை சமயத்துல மட்டும் வர்றான். கம்பெனியில இருக்கற காலத்துக்கு ஏத்தபடி ஷேர் கொஞ்சம் கொஞ்சமா உறுதியாகுற வெஸ்டிங் எதுவும் எழுதிக்கல.

நேர்ல பேசினா சூடாயிடும்னு மெயில்ல ஆரம்பிக்கிறேன்:

"மாப்ள, இது உன்மேல சந்தேகம் இல்ல, எனக்கும் சேர்த்துத்தான். இன்னையிலேர்ந்து ரெண்டு பேர் ஷேரும் 4 வருஷத்துல மாசாமாசம் உறுதியாகட்டும். முதல் வருஷத்துக்குள்ள விலகினா ஒண்ணும் கிடையாது. 18 மாசத்துல நான் விலகினா 5,000-ல 1,875 எனக்கு, மீதி 3,125 முகமதிப்புக்கு உனக்கு. பாதிக்குப் பாதி சரியான்னு அடுத்து பேசுவோம். நீ எப்ப முழு நேரமா வர்றேன்னு தெரிஞ்சாத்தான் அந்தக் கணக்கே போட முடியும். பொறுமையா யோசிச்சு எழுது."

ஷேர் ஏற்கெனவே எங்க பேர்ல இருக்கறதால, இதைப் பங்குதாரர் ஒப்பந்தத்துல எழுதி, கம்பெனி ஆர்ட்டிகிள்ஸ்லயும் சேர்க்கணும். இல்லேன்னா கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. முகமதிப்புக்குக் கைமாறும்போது சந்தை மதிப்பு அதிகமா இருந்தா, வாங்குறவருக்கு வரி வரலாம். அதுக்கு ஆடிட்டர்கிட்ட போறேன்.

உங்ககிட்ட கேட்கறது ரெண்டு. இதுவரைக்கும் உழைச்ச காலத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் உறுதியான ஷேர் கொடுத்தீங்களா, அதை எப்படிக் கணக்கு பண்ணீங்க? அவன் போட்ட 6 லட்சத்தை ஷேர்ல கலக்காம டைரக்டர் கடனா வச்சிருக்கேன், அப்படியே விடலாமா?