பொருள்: 'ஸ்கில் இஷ்யூ'வுக்கு என்ன சொல்?

மலர்விழி:
வணக்கம். கேம் ஆடாதவர்களுக்கு மீம்களை விளக்க ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறேன். லேக்குக்குச் 'சுணக்கம்', நூபுக்குக் 'கற்றுக்குட்டி' என்று வைத்திருக்கிறேன். 'ஸ்கில் இஷ்யூ'வில்தான் நிற்கிறது. துப்பாக்கிச் சண்டையில் தோற்ற ஒருவர், "ஒரே லேக்!" என்று புலம்பித் தன் திரையைப் படமெடுத்துப் போடுகிறார். படத்தின் மூலையில் பிங் 12. கீழே ஒரே பதில்: ஸ்கில் இஷ்யூ. 'திறன் சிக்கல்' என்று எழுதினால் இதில் சிரிப்பு எங்கே என்று புரியாது.

செல்வம்:
'திறமைக்குறை' போதுமே. லேக் என்பது இணைய வேகம் குறைவதுதான், அதற்கு 'வேகக்குறை'. இரண்டும் ஜோடியாக அமையும்.

இளங்கோ:
செல்வம், வேகம் வேறு. பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிநொடியில். பெரிய கோப்பை நொடியில் இறக்கும் இணைப்பிலும், சர்வர் வெகு தொலைவில் இருந்தால் பிங் 200ஐத் தொடும். அதனால் 'சுணக்கம்'தான் சரி.

நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படம் மாறவே ஏறக்குறைய 17 மில்லிநொடி ஆகும். 12 அதைவிடக் குறைவு. அவர் காட்டிய ஆதாரமே அவர் சாக்கை உடைத்துவிட்டது, சிரிப்பு அங்கேதான். ஆனாலும் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிட முடியாது. பல கேம்களில், சுட்டவரின் திரையில் எதிரி எங்கே தெரிந்தாரோ அதை வைத்தே சர்வர் தீர்ப்புச் சொல்லும். சுட்டவருக்குச் சுணக்கம் இருந்தால், சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் நீங்கள் சாவீர்கள். உங்கள் பிங் 12 ஆகவே இருக்கும்.

ஜெயந்தி:
எனக்கும் பிங் 20தான், ஆனாலும் காட்சி திக்கித் திக்கி வருகிறது. அப்படியென்றால் நான் நூபா?

இளங்கோ:
இல்லை அக்கா. யாரும் இல்லாத இடத்தில் நின்று கேமராவை மட்டும் சுற்றிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் பெரும்பாலும் கணினிதான் திணறுகிறது. சுற்றுவது சீராக இருந்து, மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் இடம் விட்டு இடம் தாவினால் இணைப்பைப் பாருங்கள். இரண்டையுமே லேக் என்றுதான் சொல்கிறார்கள். பட்டியலில் 'காட்சித் திக்கல்' தனியாக இருக்கட்டும்.

மலர்விழி, 'கற்றுக்குட்டி' நேற்றுச் சேர்ந்தவருக்குப் பொருந்தும். நூப் என்று திட்டுவது பெரும்பாலும் நெடுநாள் ஆடியும் கற்றுக்கொள்ளாதவரை.

ஜெயந்தி:
சரி, அப்புறம் பார்க்கிறேன். 'ஸ்கில் இஷ்யூ'வுக்கு நம்மிடமே இருக்கிறதே! ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம். 'கூடம் கோணலோ?' என்று பதில் போட்டால் போதும்.

செல்வம்:
அருமை! என் 'திறமைக்குறை'யை விட்டுவிடுகிறேன்.

இளங்கோ:
விட வேண்டாம். சாக்குச் சொன்னவருக்குத்தான் 'கூடம் கோணலோ' பொருந்தும். வாய் திறக்காமல் பள்ளத்தில் விழுந்தவரையும் 'ஸ்கில் இஷ்யூ' என்கிறார்களே, அவருக்கு என்ன சொல்வது?

மலர்விழி:
மீமுக்குக் 'கூடம் கோணலோ' எடுத்துக்கொள்கிறேன். பள்ளத்தில் விழுந்தவருக்கு இப்போதைக்குத் 'திறமைக்குறை'. நூபுக்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.