கான்பன் ஒரு பக்கம், எம்.ஆர்.பி. ஒரு பக்கம்: ஒரே போல்ட்டுக்கு இரண்டு ஆர்டர்

குழுவில் உள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் சிப்காட்டில் பம்பு அசெம்ப்ளி லைன். எஸ்.ஏ.பி.யோடு இணைத்துக் கான்பன் ஓட்டுகிறோம். சிக்கல் எட்டு எம்எம் போல்ட்டில்.

ஒரு நாளைக்கு 240 போல்ட் செலவு, சப்ளையர் கொண்டுவர 2 நாள். 25 சதவீதம் கூடுதல் சேர்த்தால் 600. பெட்டிக்கு 60 வீதம் 10 கார்டு. காலிப் பெட்டியின் கார்டை ஸ்கேன் செய்ததும் அந்த 60-க்கு மட்டும் ஆர்டர் போகிறது. இரவில் ஓடும் எம்.ஆர்.பி.யோ வரும் இரண்டு வார உற்பத்தித் திட்டத்தைப் பார்த்து, இன்னும் காலியாகாத பெட்டிகளுக்கும் சேர்த்தே கொள்முதல் கோரிக்கை போட்டுவிடுகிறது. `MD04` திரையில் இரண்டும் நிற்கின்றன. கொள்முதல் பிரிவு இரண்டையும் ஆர்டராக்கினால் ரேக்கில் இடமில்லை, பெட்டிகள் நடைபாதைக்கு வந்துவிடுகின்றன.

பொருளின் எம்.ஆர்.பி. வகையை `PD`-யிலிருந்து `ND` ஆக்கினால் இது நிற்கும். ஆனால் சப்ளையருக்குத் தரும் முன்கணிப்பும் போய்விடும். அது இல்லாமல் அவர் எதை நம்பிக் கம்பி வாங்கி வைப்பார்?

அதனால் `PD`-யிலேயே விட்டு, எம்.ஆர்.பி. கொள்முதல் கோரிக்கை போடாமல் திட்ட ஆர்டரோடு நிற்கும்படி `MD01`-ல் கொள்முதல் கோரிக்கைக் கட்டத்தில் 3 கொடுக்கலாம் என்று எண்ணம். ஆனால் அது அந்த ஓட்டத்தின் எல்லாப் பொருளுக்கும் பாயுமே. கான்பன் பொருளை மட்டும் தனி எம்.ஆர்.பி. குரூப்பில் பிரித்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? யாரும் தவறுதலாக அந்தத் திட்ட ஆர்டரைக் கொள்முதல் கோரிக்கையாக மாற்றாமல் எப்படித் தடுத்தீர்கள்?

ஷிப்ட் முடிவில், அன்று காலியான நான்கு பெட்டியின் கார்டையும் மொத்தமாக ஸ்கேன் செய்யும் பழக்கத்தைத் தனியாகத் திருத்தி வருகிறோம்.