ட்ரேசபிலிட்டிக்குத் தமிழ்: தடமா, மூலமா, கொடிவழியா?

பியூரெட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நீர் ஆய்வகம் ஒன்றில் தர வேதியராக இருக்கிறேன். என் பணிவிவரத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். செய்த ஆய்வுமுறைகளை எழுதச் சிரமம் இல்லை: குளோரைடுக்குச் சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தல், கடினத்தன்மைக்கு இடிடிஏ, நைட்ரேட்டுக்கு யூவி நிறமாலைமானி. கையாண்ட கருவிகளும் எழுதியாயிற்று. பின்பற்றியது சோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களின் திறனுக்கான தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17025, 2017ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன் 6.5ஆம் பிரிவின் தலைப்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரும் ட்ரேசபிலிட்டி என்றே சொல்கிறோம்.

முதலில் "என் பொறுப்பில் இருந்த கருவிகள் அனைத்தும் தடமறியக்கூடியவை" என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, கருவி எந்த அறையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதாகப் புரிந்துகொண்டாள். அவள்மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் காட்டுகிறது. நல்ல சொல் ஒன்று வேண்டும்.

சொற்கிடங்கு எழுதியது:

பியூரெட் அம்மா, தடமறிதல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அஞ்சல் பொதி, உணவுப்பொருள், மென்பொருள் தேவை என்று எல்லா இடங்களிலும் அதையே வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கும்போது தமிழிலும் ஒன்றே போதும் என்பது என் கருத்து. உங்கள் துறையில் இதன் பொருள், கருவிக்கு அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்து அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறது என்பதுதானே? "தடமறி சான்றுள்ள கருவி" என்று எழுதினால் தோழிக்கும் குழப்பம் வராது.

மாதிரிப்புட்டி எழுதியது:

எங்கள் உணவு ஆய்வகத்தில் இதனால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒருமுறை குளிர்பெட்டியில் இரண்டு புட்டிகளின் ஒட்டுச்சீட்டு ஈரத்தில் உரிந்து விழுந்துவிட்டது. எது எந்த மாதிரி என்று தெரியவில்லை. இரண்டையும் கழித்துவிட்டு மறுபடி மாதிரி எடுத்துவரச் சொன்னோம். அன்றிலிருந்து புட்டியிலும் மூடியிலும் எண்ணை நேரடியாக எழுதுகிறோம். வந்த நேரம், பிரித்தவர், ஆய்ந்தவர், கழித்த நாள் எல்லாம் பதிவேட்டில் ஏறும். இதைத்தான் ட்ரேசபிலிட்டி என்கிறோம். "மாதிரித் தடம்" என்றால் சரியாக இருக்காதா?

எடைக்கல் எழுதியது:

வணக்கம். எடைக்கற்களை அளவுத்திருத்தம் செய்வதே என் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிப்புட்டி சொல்வது அவசியமான வேலை, ஆனால் அது வேறு. அந்தத் தரநிலையில் மாதிரிகளைக் கையாள்வதற்கு 7.4 என்று தனிப்பிரிவே உண்டு. பியூரெட் கேட்பது அளவு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது. மாதிரி வந்த வழியை அது கேட்கவில்லை.

உங்கள் தராசு 100.0000 கிராம் என்று காட்டுகிறது. அந்தக் கிராமைத் தராசுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஓர் எடைக்கல். அந்தக் கல்லுக்கு? அதைவிட உயர்ந்த வகுப்புக் கல். அதற்கு? தேசிய அளவியல் நிறுவனத்தின் கல். இப்படியே ஏறினால் கிலோகிராமின் வரையறைக்குப் போய்ச் சேர்வோம். ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டுப் பார்த்ததற்கு ஆவணம் இருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் தன் பங்குக்குக் கொஞ்சம் உறுதியின்மையைச் சேர்க்கும், அதையும் எண்ணாகச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மேலே உள்ளதெல்லாம் நமக்குப் பயன்படாது.

சொற்கிடங்கு ஐயா சொன்னதில் பாதி சரி. சான்றிதழ் வேண்டும். ஆனால் அளவியலின் பன்னாட்டுச் சொல்லகராதி இதை அளவீட்டு முடிவின் பண்பு என்றுதான் வரையறுக்கிறது. கருவிக்கு அந்தப் பண்பைச் சொல்வதில்லை. ஆய்வகத்துக்கும் சொல்வதில்லை. ஆகவே "கருவிகள் அனைத்தும்" என்று தொடங்கும் வாக்கியம், எந்தச் சொல்லைப் போட்டாலும் பிழையாகத்தான் நிற்கும். பண்பு என்பதால் சொல்லும் பண்புப்பெயராக இருந்தால் நல்லது. தடமறிதல் ஒரு செயலின் பெயர்.

என் பரிந்துரை: மூலத்தொடர்மை.

பியூரெட் எழுதியது:

எடைக்கல் ஐயாவுக்கு நன்றி. கருவிக்கு அல்ல, முடிவுக்கு என்ற வரியைப் படித்ததும் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு வேலை செய்த ஆய்வகம். குளோரைடு முடிவு லிட்டருக்கு 211 மில்லிகிராம் என்று அறிக்கை கொடுத்திருந்தேன். தணிக்கைக்கு வந்த மதிப்பீட்டாளர் அந்த ஓர் எண்ணைத் தொட்டு, "இது எங்கிருந்து வருகிறது, காட்டுங்கள்" என்றார்.

தராசின் சான்றிதழ், பியூரெட், பிப்பெட், அளவுக்குடுவை எல்லாவற்றின் சான்றிதழ்களையும் எடுத்து வைத்தேன். பிறகு அவர் சில்வர் நைட்ரேட் கரைசலின் வலிமை எப்படித் தெரியும் என்றார். சோடியம் குளோரைடு 0.8240 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினால் 0.0141 நார்மல். அதில் 10 மில்லிலிட்டர் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டுத் தரம்பார்த்தோம். வெற்றுக்கரைசலுக்கான கழிவு போக 10.05 மில்லிலிட்டர் சில்வர் நைட்ரேட் செலவானது. அப்படியென்றால் அது 0.01403 நார்மல். மாதிரி 50 மில்லிலிட்டருக்கு 21.2 செலவு, கணக்குப் போட்டால் 211 வருகிறது.

"அந்த உப்புப் புட்டியைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். சாதாரண ஆய்வகத் தர உப்பு, சான்றிதழ் கிடையாது. மூடி சரியாக மூடாமல் உப்பு கட்டிதட்டிப் போயிருந்தது. 140 பாகை செல்சியசில் உலர்த்தி டெசிக்கேட்டரில் ஆறவைத்து நிறுக்க வேண்டும் என்று செய்முறையில் இருக்கிறது. அந்த முறை யாரும் உலர்த்தவில்லை.

பிறகு உலர்த்தி நிறுத்துப் பார்த்தோம். 2 விழுக்காடு ஈரம். நாங்கள் நிறுத்ததில் 98 பங்குதான் உப்பு. உப்பு குறைந்ததால் சில்வர் நைட்ரேட் குறைவாகச் செலவானது. அதனால் எங்கள் கணக்கில் அதன் வலிமை கூடுதலாக ஏறிவிட்டது. உண்மையில் அந்த மாதிரியின் குளோரைடு 207.

தரக்கட்டுப்பாட்டில் இது ஏன் மாட்டவில்லை என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. நாள்தோறும் 200 மில்லிகிராம் கட்டுப்பாட்டுக் கரைசல் ஓட்டுவோம். அது 200 என்றே அழகாக வந்துகொண்டிருந்தது. காரணம், அதையும் அதே புட்டி உப்பில்தான் செய்திருந்தோம். பிழை தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு ஒத்துப்போனது. வெளியிலிருந்து வாங்கிய சான்றளித்த மேற்கோள் பொருளை ஓட்டிய அன்றுதான் 200க்குப் பதில் 204 காட்டியது.

ஆகவே தொடர் இருந்தது, ஆனால் மூலம் இல்லை. ஐயாவின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

சொற்கிடங்கு எழுதியது:

பியூரெட் அம்மாவின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். சான்றிதழ் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்போது தமிழில் இரண்டு சொல் வைத்தால் நல்லதுதான் போலும். மாதிரிப்புட்டி கேட்டதற்குத் தடமறிதல் இருக்கட்டும்.

ஆனால் மூலத்தொடர்மை காதுக்குக் கொஞ்சம் முரடாக இருக்கிறது. பழைய சொல் ஒன்று உண்டு: கொடிவழி. தலைமுறை தலைமுறையாக வந்த வரிசை. "இந்த முடிவின் அளவுக்கொடிவழியைக் காட்டுக" என்று மதிப்பீட்டாளர் கேட்பதாக எண்ணிப் பாருங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணி அறுவது போலவே கொடி அறுவதும் புரியும்.

எடைக்கல் எழுதியது:

கொடிவழி அழகான சொல். ஒரே தயக்கம், ஒவ்வொரு படியிலும் உறுதியின்மை சேர்வதை அது காட்டாது. மூலத்தொடர்மையும் காட்டாது என்பது உண்மைதான், அதனால் இதை வலுவான மறுப்பாகச் சொல்லமாட்டேன்.

பெயரடையாக வைத்துப் பாருங்கள். எங்கள் சான்றிதழில் மிக அதிகம் வரும் வாக்கியம் அதுதான். "இம்முடிவுகள் எஸ்ஐ அலகுகளோடு மூலத்தொடர்புடையவை" என்று எழுதிவிடலாம். "எஸ்ஐ அலகுகளோடு கொடிவழியுடையவை" இடறுகிறது. "எஸ்ஐ அலகுகளின் கொடிவழியில் வந்தவை" என்றால் வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

மாதிரிப்புட்டி எழுதியது:

நான் கேட்டது வேறு என்று இப்போது விளங்கியது, ஆனாலும் ஒரு கேள்வி. உணவில் ஈரப்பதம் பார்க்கிறோம். 105 பாகையில் எடை நிலைக்கும்வரை வைத்து, குறைந்த எடையை ஈரம் என்கிறோம். உண்மையில் நீரோடு எளிதில் ஆவியாகும் வேறு பொருள்களும் போகின்றன. வேறு வெப்பநிலை வைத்தால் வேறு எண் வரும். தராசுக்கும் வெப்பமானிக்கும் நீங்கள் சொல்லும் தொடர் இருக்கிறது. ஆனால் "ஈரப்பதம்" என்ற அந்த எண்ணுக்கு மூலம் எது?

எடைக்கல் எழுதியது:

நல்ல கேள்வி, என் சொல்லுக்கே சிக்கல் கொடுக்கும் கேள்வி. அங்கே எதை அளக்கிறோம் என்பதை முறையே வரையறுக்கிறது. நிறைக்கும் வெப்பநிலைக்கும் எஸ்ஐ வரை போகலாம், ஆனால் மொத்த முடிவு அந்த எழுதிவைத்த முறையோடு போய் நிற்கும். நீரின் உயிர்வேதி ஆக்சிசன் தேவையைப் பார்க்கும் பிஓடி சோதனையும் அப்படித்தான்: 20 பாகை, 5 நாள் என்று வைத்துக்கொண்டதால்தான் அந்த எண். தரநிலையும் இதற்கு இடம் தருகிறது. எஸ்ஐ வரை போக முடியாத இடத்தில், தெளிவாக விவரித்து ஏற்றுக்கொண்ட முறையோ ஒப்புக்கொண்ட நியமமோ மேற்கோளாகலாம்.

அப்படியானால் மூலம் என்பதைவிட மேற்கோள் என்பதே பொருந்துமோ? மூலம் என்றால் எங்கோ ஒரு பொருள் இருப்பதுபோல் தோன்றுகிறது. கிலோகிராமுக்கு அப்படி ஓர் உருளை பாரிசுக்கு அருகே உண்மையாகவே இருந்தது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியின் எண்மதிப்பை நிலைப்படுத்தி வரையறுக்கிறோம், உருளை இப்போது வரையறை இல்லை. மேற்கோள்தொடர்மை என்றும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொற்கிடங்கு எழுதியது:

மேற்கோள் என்றதும் வாசகருக்கு மேற்கோள்குறிதான் முதலில் தோன்றும். என் வாக்கு இன்னும் கொடிவழிக்கே. மூலத்தொடர்மையைப் பட்டியலில் இணையாகக் குறித்துக்கொள்கிறேன்.

பியூரெட் எழுதியது:

பணிவிவரத்தை நாளை அனுப்ப வேண்டும். இப்படி மாற்றியிருக்கிறேன்:

"குளோரைடு தரம்பார்த்தலில் சான்றளித்த மேற்கோள் பொருளையும் அளவுத்திருத்தம் செய்த தராசையும் கண்ணாடிக் கலன்களையும் கொண்டு, எஸ்ஐ அலகுகளோடு மூலத்தொடர்புடைய முடிவுகளைத் தந்துள்ளேன். கட்டுப்பாட்டுக் கரைசலை வேறு மூலத்து உப்பில் தயாரிக்கும் நடைமுறையை ஏற்படுத்தினேன்."

இரண்டாம் வரியில் "மூலத்து" என்று எழுதியிருப்பது வாங்கிய இடத்தைக் குறிக்கிறது, முதல் வரியில் வருவது அளவின் மூலம். அடுத்தடுத்த வரிகளில் ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்பது உறுத்துகிறது. "வேறு தயாரிப்பாளரின் உப்பில்" என்று மாற்றிவிடட்டுமா?