80 டிகிரியில் நிற்காத ரியாக்டர்: ஸ்டீம் வால்வும் கூலிங் வால்வும் மாறி மாறித் திறக்கின்றன

செல்வம்: ரியாக்டர் ஜாக்கெட்டில் தண்ணீர் சுற்றுகிறது. அதை ஒரு எக்ஸ்சேஞ்சரில் ஸ்டீம் சூடாக்கும், இன்னொன்றில் கூலிங் வாட்டர் ஆற்றும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பிஐடியின் ஒரே அவுட்புட், இரண்டு வால்வையும் நகர்த்தும் பொசிஷனர்களுக்கும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலாகப் போகிறது. 0 சதவீதத்தில் கூலிங் முழுத் திறப்பு, 50-இல் மூடல்; அங்கிருந்து 100 வரை ஸ்டீம் திறக்கும். செட்பாயிண்ட் 80 டிகிரி. அதைத் தொட்டதும் 76க்கும் 84க்கும் இடையே ஆடத் தொடங்குகிறது. அவுட்புட் 50-ஐ மாறி மாறிக் கடக்கிறது. எங்கே பார்க்கலாம்?

ரஹீம்: கெய்ன் அதிகம். பாதியாகக் குறையுங்கள், நின்றுவிடும்.

செல்வம்: குறைத்தேன் சார். ஆட்டம் மெதுவானது, நிற்கவில்லை. சூடேற இப்போது அரை மணி கூடுதல்.

கலா: எங்கள் ஹோட்டல் ஏசி யூனிட்டிலும் இதேதான். நடுவில் 10 சதவீதம் இரண்டும் மூடியிருக்கும்படி இடைவெளி விட்டோம், சரியாகிவிட்டது.

முத்துக்குமார்: கலா, அறைக் காற்று ஒரு டிகிரி நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. ரியாக்டரில் அவ்வளவு இடைவெளி விட்டால் அவுட்புட் அதைத் தாண்டும்வரை இரண்டு வால்வும் சும்மா இருக்கும், வெப்பம் நழுவிவிடும். ஒரு சதவீதம் போதும்.

செல்வம், ட்யூனிங்கைத் தொடாதீர்கள். ரியாக்ஷன் நடக்கும்போது வேண்டாம், வெறும் தண்ணீர் நிரப்பி, மேனுவலில் வையுங்கள். அவுட்புட்டை மெல்ல நகர்த்தி, ஸ்டெம் எப்போது அசைகிறது என்று வால்வுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். திரையில் காட்டுவதை நம்பாதீர்கள். அப்புறம் 80-இல் நிலைத்தபின் 50-இலிருந்து 5 ஏற்றி, 5 இறக்கி, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி நகர்கிறது என்று குறியுங்கள்.

செல்வம்: பார்த்தேன் அண்ணா. 50 சதவீதம் என்றால் 12 மில்லி ஆம்பியர்; ஆனால் கூலிங் 12.6-இல்தான் மூடுகிறது, ஸ்டீம் 11.8-இலேயே திறக்கிறது! இரண்டும் சேர்ந்து திறந்து சண்டை போட்டிருக்கின்றன. பொசிஷனர்களின் ஜீரோவைச் சரிசெய்தேன். ஆட்டம் 78.5க்கும் 81.5க்கும் இடையே வந்துவிட்டது, இன்னும் முழுதாக நிற்கவில்லை. 5 சதவீதத்துக்கு ஸ்டீம் நிமிடத்தில் 0.9 டிகிரி ஏற்றுகிறது, கூலிங் 0.3 மட்டும் இறக்குகிறது.

முத்துக்குமார்: மிச்சக் காரணம் அதுதான். ஸ்டீம் பக்கம் மூன்று மடங்கு வேகம். அதற்கு ட்யூன் செய்தால் கூலிங் மந்தம், கூலிங்குக்கு ட்யூன் செய்தால் ஸ்டீம் துள்ளும். பிரிவுப் புள்ளியை 25-க்கு நகர்த்துங்கள். கூலிங்குக்கு 4 முதல் 8 மில்லி ஆம்பியர், ஸ்டீமுக்கு 8 முதல் 20. அப்போது இரண்டும் 5 சதவீதத்துக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி தரும். 0-வில் கூலிங் முழுத் திறப்பு என்பதை மட்டும் மாற்றாதீர்கள். சிக்னல் அறுந்தால் ரியாக்டர் ஆற வேண்டும்.

ரஹீம்: ஆனால் கூலிங் டவர் தண்ணீர் வெயில் காலத்தில் சூடாகுமே, அப்போது அந்த மூன்று மடங்கு மாறாதா?

முத்துக்குமார்: மாறும். 25 இன்றைய நிலைக்கான புள்ளி. கோடையில் மறுபடி அளந்து பாருங்கள்.

செல்வம்: கூலிங் பக்கத்துப் பொசிஷனர் பழையது. 4 மில்லி ஆம்பியர் அளவு குறுகிய ரேஞ்சை அது ஏற்குமா என்று தெரியவில்லை. ஏற்காவிட்டால் சிஸ்டத்திலேயே பிரித்து இரண்டு தனி அவுட்புட் கொடுக்கவேண்டும், ஆனால் கார்டில் காலிச் சானல் இல்லை. திங்கட்கிழமை ஷட்டவுனில் 4–8 முயன்று பார்த்து எழுதுகிறேன்.