பொதுக்குழு அழைப்பு: ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

பழனி (செயலாளர்), டிசம்பர் 26
எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கப் பொதுக்குழு ஜனவரி 16 காலைல 10 மணிக்கு, ஸ்கூல் ஹால்ல. வரவு செலவு, ஆடிட்டர் நியமனம், புது கமிட்டி, இதர விஷயங்கள். சந்தா பாக்கி 500 கட்டினாத்தான் ஓட்டு. வர முடியாதவங்க ப்ராக்ஸி ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க, ஆள் பேரை நான் எழுதிக்கிறேன்.

சேகர், துபாய்
எங்க அக்கா குடியாத்தத்துல இருந்து ஊருக்குப் போனப்ப படிப்பகத்து இடத்துல ரெண்டு பேரு டேப் வச்சி அளந்துகினு இருந்தாங்களாம், கேட்டா செல்போன் டவர் வருதுக்கான்னாங்களாம். அஜெண்டால அது எங்க? இதரன்னு போட்டியே அதானா?

முருகன், சிங்கப்பூர்
கம்பெனி ஷேர் வச்சிகீறேன், ரூல் தெரியும். 21 நாள் நோட்டீஸ், 26ல இருந்து 16 வரைக்கும் சரியா வருது. ஒருத்தரே 50 பேருக்கு ப்ராக்ஸி ஆகலாம். இன்னாத்துக்கு சண்டை?

ராமமூர்த்தி, காட்பாடி
தம்பி, அந்த 50 கம்பெனிக்கு. நம்ம சங்கம் 1975 சொசைட்டி சட்டத்துல பதிவானது, துணைவிதி இடம் கொடுத்தாத்தான் ப்ராக்ஸியே. நம்ம விதியில ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரைக்கும்தான் ப்ராக்ஸி ஆகலாம், அவரும் மெம்பரா இருக்கணும். செயலாளர் பேர் எழுதிக்கிறதுன்னா மொத்த ஓட்டும் அவர் கைல. அனுப்பின நாளையும் கூட்ட நாளையும் கழிச்சி எண்ணு, 20தான் வரும். இன்னொண்ணு, இடத்தை லீசுக்கு விட நம்ம விதிப்படி சிறப்புத் தீர்மானம் வேணும், வந்து ஓட்டு போடறவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒத்துக்கணும். அந்தத் தீர்மானம் நோட்டீஸ்லயே எழுதியிருக்கணும், இதரல நுழைச்சா கோர்ட்டுல நிக்காது. இன்னைக்கு 27, இன்னைக்கே திருத்தி அனுப்பினாலும் கூட்டம் 18க்கு முன்னாடி வைக்க முடியாது.

லட்சுமி, நியூஜெர்சி
போன தடவை வந்தப்ப நேர்ல சந்தா கட்டினேன், ரசீது இன்னும் வரல, இப்ப எனக்கு பாக்கியாம். அந்த இடம் எங்க தாத்தா எழுதி வச்சது, கல்வெட்டுல அவர் பேர்ல ஒரு எழுத்து கூட கம்மி. சின்ன வயசுல சாயங்காலம் ஆனா அங்கதான் ரேடியோ கேப்போம், சித்தப்பா வந்து காதைத் திருவி இழுத்துகினு போவாரு. அங்க டவரா?

பழனி
18க்கு வச்சா யாரு இருப்பீங்க? காணும் பொங்கல் ராத்திரியே பெட்டி கட்டிடறீங்க. படிப்பகத்துக்கு ஓடு மாத்த காசு கேட்டப்ப ஒருத்தரும் வாய் திறக்கல, டவர்காரன் மாச வாடகை தர்றான். ராமமூர்த்தி மாமா பேசறதுக்கு முன்னாடி பழைய கணக்கு நோட்டைத் திருப்பித் தரட்டும்.

ராமமூர்த்தி
நோட்டு ஆடிட்டர்கிட்ட கீது, கூட்டத்துக்கு வரும். நீ தீர்மானத்தோட முழு வாசகம், வாடகை, எத்தனை வருஷ லீஸ் எல்லாம் போட்டு புது நோட்டீஸ் அனுப்பு.

சேகர்
எங்க அண்ணன் பேர் எழுதாத ஃபாரம் நேத்தே அனுப்பிட்டாரு. அது ரத்துன்னு அவரே உனக்கு மெயில் போடுவாரு, எங்க எல்லாருக்கும் காப்பி வரும்.